புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு நினைவூட்டல்

கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டுச் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஒரு நாளுக்கு ஒரு தாள் என்று கிழிக்கிற வகை. அதைக் கிழிப்பது என் கணவரின் உரிமை. காலையில் பல்கூட விளக்காமல் வந்து கிழித்து, ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பார்த்த பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுப்பார். கேட்டால், "நம்பிக்கையெல்லாம் இல்ல, சும்மா பாக்குறதுதான்" என்பார். சும்மா பார்க்கிறவர் ஏன் அந்த நேரத்தில் வெளியே கால் வைக்க மாட்டார் என்று நான் பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷம் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பெனியில் கப்பல் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை பார்த்தேன். கம்பெனி கண்டி அலுவலகத்தை மூடிவிட்டது. அவர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றார். அந்த ஒரு சம்பளம் போதவில்லை என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் கண்டி டவுனில் இருக்கிற ஒரு வெளிநாட்டு வேலை ஏஜன்சிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். டோஹாவில் களஞ்சியப் பொறுப்பாளர், இரண்டு வருஷ ஒப்பந்தம். மகளுக்கு அப்போது ஐந்து வயசு.

நான் கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். நான் அப்போதுதான் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தேன். வைத்தியசாலைகளுக்குச் சாமான் வழங்கும் கொழும்புக் கம்பெனி ஒன்று, கண்டிக் கிளைக்கு ஆள் தேடியது. அந்த வேலை கிடைத்தால் அவர் போகமாட்டார். கிடைக்காவிட்டால் போவார். ஏஜன்சி கொடுத்த கெடு அந்த வார வெள்ளிக்கிழமை: அன்றைக்குள் கடவுச்சீட்டைக் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

நேர்முகத் தேர்வு முடிந்ததும், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த பெண், "பத்து நாளில் அறிவிப்போம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகுலுக்கினாள். என்னைவிட இளையவள், சிரித்த முகம். அன்று இரவே நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டேன், பதில் இல்லை. பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நினைவூட்டி ஒன்று எழுதுவது தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எப்போது அனுப்புவது என்பதில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஞாயிறு முழுக்க போனும் கையுமாகக் கிடந்தேன். இணையத்தில் ஆளுக்கொரு கட்டுரை. எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லின. திங்கள் காலை வேண்டாம், வார இறுதியில் சேர்ந்த மெயில்களோடு உன்னுடையதும் அமுங்கிவிடும். வெள்ளி பின்னேரம் வேண்டாம், ஆளின் மனசு வீட்டுக்குப் போய்விடும். செவ்வாயிலிருந்து வியாழன் வரைக்கும், காலை பத்து மணியளவில், அவர்கள் தலைக்கு மேல் இருந்த அவசர வேலையை முடித்து நிமிர்கிற நேரம் பார்த்து அனுப்பு. மகள் சோறு கேட்டது காதில் விழவில்லை. மூன்றாம் தடவை அவள் என் காலைக் கிள்ளினாள்.

மெயில் எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 'தங்கள் வேலைப்பளுவுக்கிடையில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும், எனது விண்ணப்பத்தின் நிலையை அறிய ஆவலாயுள்ளேன், அவசரம் ஏதுமில்லை' என்பதை அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். அவசரம் ஏதுமில்லையாம்! வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவசரப்படுகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பயம். செவ்வாய் காலை பத்துக்குத் தானாகப் போகும்படி நேரத்தைக் குறித்துவைத்து, ஒரு பெருமையோடு அவரிடம் காட்டினேன்.

அவர் போனைப் பார்க்கவில்லை. நாட்காட்டியின் மேல்தாள்களைத் தூக்கிச் செவ்வாயைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் எமகண்டம்."

"மெயிலுக்கு என்னங்க எமகண்டம்?"

"நான் ஒண்ணும் சொல்லல. பத்தே முக்காலுக்குப் போட்டா கொறஞ்சா போயிரும்?"

"பத்து மணினு அவ்வளவு படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க."

"இதுவும் படிச்சவங்க எழுதுனதுதான்," என்றார் நாட்காட்டியைத் தட்டி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டோஹாவுக்கு ஏறப்போகிற மனுஷன், என் வேலையில் வந்து நேரம் பார்க்கிறார்! சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன், சொல்லக்கூடாத ஒன்றிரண்டையும் சொன்னேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். கோபத்தில் நேரத்தை மாற்றினேன். செவ்வாயும் வேண்டாம், எமகண்டமும் வேண்டாம். புதன் காலை பத்து. "புதன்ல என்ன இருக்கு?" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அவருக்கு அட்டவணை மனப்பாடம். "ஏழரைல இருந்து ஒம்பது எமகண்டம், பன்னெண்டுக்கு ராகு. பத்து நல்ல நேரம்" என்று வெளியிலிருந்து பதில் வந்தது. இணையத்துக்கும் நாட்காட்டிக்கும் சேர்த்துப் பொருந்திய ஒரு நேரம் கிடைத்துவிட்டதே என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் காலையில் அவர் வழக்கம்போலக் கடைக்குப் போனார், ஞாயிறைத் தவிர எந்த நாளும் திறக்கிற கடை அது. பிள்ளைக்கு விடுமுறைக் காலம், பள்ளிக்கூடம் இல்லை. பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தடித்ததும் மெயில் போய்விட்டது என்று காட்டியது. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன். பிறகு நல்ல நாளாயிற்றே, கறி சமைப்போம் என்று பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சந்திக்கு இறங்கினேன்.

கோழிக்கடை ஷட்டர் போட்டிருந்தது. பக்கத்தில் மாட்டிறைச்சிக் கடையும் மூடியிருந்தது. வெள்ளை உடுத்த நாலைந்து பொம்பிளைகள் பூத்தட்டோடு விகாரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். விடியலிலிருந்தே ஒலிபெருக்கியில் பிக்குமார் பிரித் ஓதிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் காதில் ஏறியது.

போயா.

நடுரோட்டில் நின்றேன். பௌர்ணமிக்கு நாடே லீவு. கொழும்பில் அந்த அலுவலகம் பூட்டிக் கிடக்கும். வேலைக்குப் போகிறவளாக இருந்திருந்தால் எந்தப் போயா எந்தக் கிழமையில் விழுகிறது என்று மூன்று மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஐந்து மாதமாக எனக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான். அவராவது பார்த்திருக்கலாம், அவர் செவ்வாய்த் தாளோடு நின்றுவிட்டார், புதனை மனப்பாடத்தில் சொன்னார். மனப்பாடத்தில் போயா இல்லையே! காலையில் தாளைக் கிழித்தபோதும் ராகு காலத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நட்ட நடுச் சந்தியில் அழுகை வந்தது. பிள்ளை, "கோழி இல்லாட்டி முட்டை வாங்குவோம்மா" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டோம். அவர் கடவுச்சீட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். 

வியாழன் காலை முழுக்கப் பதிலில்லை. நண்பகலுக்கு மேல் பொறுக்க முடியாமல் திகனவில் இருக்கிற என் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். முன்னால் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். இப்போது அவள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், ஆட்களை எடுக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். முதலிலேயே அவளைக் கேட்டிருக்க வேண்டும். வேலையில்லாமல் இருப்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள், "அல்லாஹ்வே, என்ன புள்ள நீ" என்றாள். "போயா வாரத்துக்கு நடுவுல விழுந்தா அந்தக் கிழமையே வேற கிழமடி. முந்தின நாள் பின்னேரம் எல்லாருக்கும் வெள்ளிக்கிழம. மறுநா காலம எல்லாருக்கும் திங்கக்கிழம. இண்டைக்கிக் காலேல நான் மெயிலத் தொறந்தா தலைக்கு மேல. ஒண்ட மெயில் அதுக்குள்ள எங்கயோ கெடக்கும்."

"அப்ப செவ்வாய் காலைலதான் அனுப்பியிருக்கணுமா?"

"இந்தக் கிழமைக்கி அதுதான் நல்லம். சரி, போனத உடு. அவ ஒனக்கு இதுக்கு முந்தி மெயில் போட்டீக்காளா?"

மூன்று போட்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்து ஒன்று, இடத்தை மாற்றி ஒன்று, சான்றிதழ்கள் கிடைத்தன என்று ஒன்று.

"எத்தன மணிக்கி வந்ததுண்டு பாத்துச் செல்லு."

அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தேன். ஏழு பத்து. ஏழு பதினெட்டு. ஆறு ஐம்பத்தெட்டு. மூன்றும் காலை.

"பாத்தியா!" என்று அவள் சத்தம் போட்டாள். "ஒபிஸுக்கு வார வழியில, பஸ்ஸிலயோ ட்ரெயின்லயோ இருந்து மெயில் பாக்குறவ. ஒபிஸுக்குள்ள போனா அவள ஒண்டும் செய்ய உடமாட்டாங்க. நாளைக்கி ஏழு மணிக்கி அவட கைல விழுற மாதிரி போடு. புதுசா போடாத, அவ அனுப்பின மெயிலுக்கே பதிலாப் போடு, அப்பதான் பழசெல்லாம் ஒண்டா தெரியும். ஊர் உலகத்துல ஆயிரம் நேரம் எழுதி வச்சிருப்பாங்க புள்ள. ஒனக்கு வேணும்டது இந்த ஒருத்திட நேரம்."

பிறகு அனுப்பியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். 'அவசரம் ஏதுமில்லை' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இதப் பாத்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? சரி, அவசரமில்லண்டு அவளே செல்றாளேண்டு பொறகு பாக்க வச்சிருவேன். பொறகு எங்க பாக்குற? வெள்ளிக்கிழம பகலுக்கு முந்தி முடிவு வேணும்டு எழுது. கெஞ்சாத. காரணத்த மட்டும் செல்லு."

அந்தக் கம்பெனியின் பொது இலக்கத்துக்கும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். போனை எடுத்தவர், செய்தியைச் சொல்லிவிடுகிறேன் என்று அடுத்த வார்த்தைக்கு இடமில்லாமல் வைத்துவிட்டார். அன்று இரவு நான்கே வரி எழுதினேன். வேலையில் எனக்கு விருப்பம் மாறவில்லை. என் குடும்பத்தில் இன்னொரு வேலை பற்றி வெள்ளிக்கிழமை பகலுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். உங்கள் முடிவு அதை மாற்றும். இன்று காலைக்குள் ஏதாவது தெரிந்தால், 'இல்லை' என்பதாக இருந்தாலும், சொல்லுங்கள். நேரம் குறித்துவைக்கவில்லை. என் கையாலேயே அனுப்ப வேண்டும் போலிருந்தது.

வெள்ளி காலை அவர் நாட்காட்டியைக் கிழித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏழு மணிக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "பத்தரைக்குத்தான் ராகு."

ஏழு அடித்து ஒரு நிமிஷத்தில் அனுப்பினேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் குடிக்கவில்லை. ஏழு இருபதுக்குப் பதில் வந்தது. ஐந்து மாதத்தில் எனக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் பதில் எழுதவில்லை. உடனே திறந்தேன். 'இதைச் சொன்னதற்கு நன்றி. இயக்குநரிடம் ஒன்பது மணிக்குப் பேசுகிறேன். பத்து மணிக்குள் அழைக்கிறேன்.'

"பத்துக்குச் சொல்றாங்களாம்," என்றேன்.

"பாப்போம்," என்றார். சட்டை மாட்டினார். கடவுச்சீட்டைப் பையில் வைத்தார். "ஏஜன்சிக்காரன் ஒம்பதரைக்கு வரச் சொன்னான். பன்னெண்டுக்கு ஜும்மா தொழுகைக்குப் பூட்டிருவான். நான் போய் வரிசையில இருக்கேன். நீ போன் பண்ணு." பிள்ளையின் தலையில் கைவைத்துவிட்டு இறங்கினார். பல்கனியிலிருந்து பார்த்தேன். கண்டி பஸ் வந்ததும் ஏறிவிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மணி ஆனது. போன் அடிக்கவில்லை. பத்தேகாலானது. நான் வீட்டுக்குள் நடந்த நடையில் கீழ்வீட்டுக்காரி மேலே வந்து என்ன என்று கேட்டாள். பத்தரை. அவருக்கு எடுத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இந்நேரம் கையெழுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். திரும்ப எடுத்தேன், இல்லை. அலுமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை எண்ணினேன், எதற்கு எண்ணினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பதினொரு சட்டை.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. கொழும்பு இலக்கம்.

ஆங்கிலத்தில் தொடங்கியவள் என் குரலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். யாழ்ப்பாணத்துத் தமிழ். "மன்னிக்கோணும், கூட்டம் இழுபட்டிட்டுது. உங்களுக்குத்தான் வேலை. திங்கக்கிழமை கடிதம் வரும், முதலாம் திகதி தொடங்கலாம். சரிதானே?"

சரி என்றேன்.  பிறகு என் வாய் சும்மா இருக்காமல், "மிஸ், புதன்கிழமை ஒரு மெயில் போட்டேன், போயாங்கிறது மறந்து போச்சு" என்றது.

"அதை நான் போயா அண்டைக்கே வாசிச்சிட்டன். வீட்டில சும்மா இருந்தனான், வேற ஒருத்தரும் மெயில் போடேல்ல. இயக்குநரின்ர கையெழுத்து வராததால சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை. அவசரமில்லை எண்டும் எழுதியிருந்தீங்கள், அப்பிடியே விட்டிட்டன். வெள்ளிக்கிழமைக் கதையை அண்டைக்கே எழுதியிருந்தா அண்டைக்கே கேட்டிருப்பன்."

நான் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் வாசித்திருக்கிறாள். நான் சந்தியில் நின்று அழுத அதே காலையில், அந்த ஊரே அடங்கிய நாளில், என் ஒரு மெயிலை மட்டும் வாசித்திருக்கிறாள். நான் கிழமையைத் தேடினேன், மணியைத் தேடினேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அழுவதற்கு நேரமில்லை. அவருக்கு எடுத்தேன். நாலாவது தடவைதான் எடுத்தார்.

"கையெழுத்து வச்சிட்டீங்களா?"

"இல்ல."

"பாஸ்போட்டு?"

"கைலதான் இருக்கு."

"எங்க இருக்கீங்க?"

"வாவிக்கரைல. குந்திக்கிட்டு இருக்கேன்."

"அங்க என்னங்க பண்றீங்க, போனையும் எடுக்காம?"

"ராகு காலம்," என்றார். "பன்னெண்டு வரைக்கும். இந்த நேரத்துல கையெழுத்து வக்கிறதானு எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு மணிக்கு வாறேன்னு சொல்லிட்டேன்."

வேலை கிடைத்ததைச் சொன்னேன்.  வாவிக்கரை ரோட்டில் பஸ் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோழிக்கடை இன்னைக்குத் தொறந்திருக்கும்ல?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அந்த நாட்காட்டியை நான் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. நானும் ஒரு வாரம் முழுக்கப் பத்து மணி, பத்து மணி என்று அலைந்தவள்தானே. வருஷம் பிறந்தால் நானே புதியது வாங்கி மாட்டுகிறேன். போயா நாள்களை மட்டும் முதலிலேயே பேனையால் வட்டமிட்டுவிடுவேன்.

ஆனால் அவரிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. மறுநாள் சனிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது, ஏஜன்சியில் வேலை செய்யும் பெண்பிள்ளை வீட்டு இலக்கத்துக்கு எடுத்தாள். ரெண்டு மணிக்கும் ஆள் வரவில்லை, என்ன முடிவு என்று கேட்டாள். போகவில்லை என்று சொன்னேன், ராகு காலம் என்பதால்தான் எழுந்து வந்துவிட்டார், குறை நினைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

"ராகு காலமா?" என்றாள் அவள். "அவரோட பேர ஒம்பதே முக்காலுக்கே கூப்பிட்டமே அக்கா. பேனைய கைல எடுத்தாரு. வச்சிட்டு, போன பாத்துக்கிட்டே வெளிய போயிட்டாரு."